நாலேமுக்காலா, அஞ்சேமுக்காலா? ஸ்பானிஷில் மணியும் தேதியும் சொல்லும்போது எங்கே தப்புகிறது

மாட்ரிட் வந்த முதல் வருடம் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மறுநாள் மாலைக்கு நேரம் கொடுத்தார்கள். என் காதில் விழுந்தது இரண்டே சொல்: "சிங்கோ", "குவார்தோ". சிங்கோ என்றால் அஞ்சு, குவார்தோ என்றால் கால் பங்கு. நடுவில் இருந்த சொல் "குறைய" என்ற மாதிரி பட்டதால், அஞ்சேகால் இல்லை, அஞ்சேமுக்கால்தான் என்று முடிவு கட்டி 5:45 என்று எழுதிக்கொண்டேன். அவர்கள் சொன்னது 4:45. நான் போய்ச் சேர்ந்தபோது என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் இங்கே வந்த பல தமிழர்களிடம் இதே பிழையைப் பார்த்துவிட்டேன். இலக்கணப் புத்தகத்தை வரிசையாகப் படித்தால் இது பிடிபடாது. அதனால் எந்த இடத்தில் தடுக்கிறதோ அந்த அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. "தோஸ்" என்று நான் எழுதும் இடத்தில், இரண்டு என்ற பொருளில், முதல் எழுத்தை "தேவி", "தீபம்" என்பதில் வரும் த போலச் சொல்ல வேண்டும். "தலை"யில் வரும் த போலச் சொன்னால் அது இருமல் என்ற சொல் ஆகிவிடும். அதேபோல் "பெயிந்தே" (இருபது) என்பதன் முதல் எழுத்து "பஸ்"ஸில் வரும் ப. மற்றபடி நமக்கு அதிர்ஷ்டம்தான்: "மேதியா" என்பதன் நடுவில் வரும் த, "அது" என்பதில் நாம் சொல்லும் அதே மெல்லிய த. ஆங்கிலப் பழக்கத்தில் "மீடியா" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: அரையும் காலும் சரியாக வருகிறது, முக்கால் மட்டும் ஒரு மணி நேரம் தவறுகிறது

இதுதான் நம் ஆட்களுக்கே உரிய பிழை. காரணம் தமிழில்தான் இருக்கிறது.

நாம் நாலேகால், நாலரை, நாலேமுக்கால் என்கிறோம். மூன்றிலும் "நாலு" மாறுவதில்லை. மணி நாலைத் தாண்டிய பிறகு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஸ்பானிஷ் முதல் இரண்டில் நம்மோடு அப்படியே ஒத்துப் போகிறது:

4:15, "லாஸ் குவாத்ரோ இ குவார்தோ": நாலும் காலும்.
4:30, "லாஸ் குவாத்ரோ இ மேதியா": நாலும் அரையும்.

நடுவில் வரும் "இ" என்பது நம் "உம்". இதுவரை நம் மூளைக்கு வேலையே இல்லை. ஆனால் அரையைத் தாண்டியதும் ஸ்பெயின்காரர் எண்ணும் திசையே மாறிவிடும். இனி வரப்போகும் மணியைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து கழிப்பார்.

4:45, "லாஸ் சிங்கோ மேனோஸ் குவார்தோ": அஞ்சு, குறைய கால்.

"மேனோஸ்" என்றால் கழித்தல். பள்ளிக்கூடக் கணக்கில் ஏழில் மூன்றைக் கழிக்கும்போதும் இதே சொல்தான். அதாவது அஞ்சிலிருந்து காலைக் கழி, வருவது நாலேமுக்கால். நான் செய்தது என்னவென்றால், "சிங்கோ" என்று கேட்டதும் மனசு அஞ்சைப் பிடித்துக்கொண்டது. "முக்கால்" என்று புரிந்ததும் தமிழ் வழக்கப்படி அந்த அஞ்சோடு சேர்த்துவிட்டது.

சரிசெய்ய இரண்டு திசைக்கும் தனித்தனிப் பழக்கம் வேண்டும். பேசும்போது, மனசில் தமிழில் மணி வரட்டும், "நாலேமுக்கால்" என்று. "முக்கால்" என்ற சொல் எழுந்த உடனே முன்னால் இருக்கும் எண்ணை ஒன்று கூட்டி, "மேனோஸ் குவார்தோ" போடுங்கள். கேட்கும்போது, "மேனோஸ்" காதில் விழுந்த நொடியில் முன்னால் வந்த எண்ணில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். அதற்கப்புறம்தான் நிமிடத்தைக் கேட்க வேண்டும். "லாஸ் ஓச்சோ மேனோஸ்..." என்று வந்தாலே அது ஏழு மணிச் சமாசாரம். பின்னால் காலோ, பத்தோ, இருபதோ, எது வந்தாலும் எட்டைத் தொடாது. 7:40 என்பது "லாஸ் ஓச்சோ மேனோஸ் பெயிந்தே", 7:50 என்பது "லாஸ் ஓச்சோ மேனோஸ் தியேஸ்".

பன்னிரண்டேமுக்காலில்தான் நிறையப் பேர் விழுவார்கள். ஒன்று கூட்டினால் பதின்மூன்று இல்லை, ஒன்று. "லா ஊனா மேனோஸ் குவார்தோ". காதில் "ஊனா" என்று ஒன்றுதான் விழும்; கடிகாரம் 12:45 காட்டும்.

"மேனோஸ்" எனக்கு உறைத்தது வகுப்பில் இல்லை, வானொலியில். ஸ்பெயினில் தேசிய வானொலிகள் மணி சொல்லும்போது "ஊனா ஓரா மேனோஸ் என் கனாரியாஸ்" என்பார்கள். கனேரியத் தீவுகளில் ஒரு மணி நேரம் குறைவு என்று பொருள். நாளெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு, "மேனோஸ்" என்றாலே கை தானாக ஒன்றைக் குறைக்கப் பழகிவிட்டது.

அறிகுறி: வேகமாகச் சொன்னால் காலா முக்காலா என்றே பிரித்தறிய முடியவில்லை

"இ" மிகச் சிறிய ஒலி. முன்னால் இருக்கும் உயிரோடு ஒட்டிக்கொண்டு "சிங்கொய்குவார்தோ" என்று ஒரே மூச்சில் போய்விடும். "மேனோஸ்" அப்படி முழுசாக மறையாது. தெற்கே ஆந்தலூசியாவில் கடைசி ஸ் உதிர்ந்து "சிங்கோ மேனோ குவார்தோ" என்று வந்தாலும், ம-வும் ன-வும் நிற்கும். ஆகவே ஸ்-ஐத் தேட வேண்டாம், மூக்கொலியைத் தேடுங்கள். குவார்தோவுக்கு முன்னால் ம, ன கேட்டால் கழித்தல், கேட்காவிட்டால் கூட்டல்.

இன்னொரு குழப்பம் "குவாத்ரோ" (நாலு), "குவார்தோ" (கால்) இரண்டும். ர எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். 3:45-ஐ "குவாத்ரோ மேனோஸ் குவார்தோ" என்று சத்தமாக இருபது தடவை சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறாமல் வரும்போது காதும் தெளிந்திருக்கும்.

சந்தேகமாகவே இருந்தால் வெட்கப்படாமல் எண்ணாகத் திருப்பிக் கேளுங்கள்: "அ லாஸ் குவாத்ரோ குவாரெந்தா இ சிங்கோ, பெர்தாத்?" நாலு நாற்பத்தஞ்சு, சரிதானே? இப்படிச் சொல்வதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அன்று போனில் இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அறிகுறி: "மேனோஸ் குவார்தோ" என்று பழகினேன், மெக்சிகோக்காரர் வேறு மாதிரி சொல்கிறார்

அவரும் சரி, நீங்களும் சரி. ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் "மேனோஸ்" பழக்கம். மெக்சிகோ, கொலம்பியா, சிலி போன்ற நாடுகளில் 4:45 என்பதற்கு "உன் குவார்தோ பாரா லாஸ் சிங்கோ" என்பார்கள், அஞ்சுக்குக் கால் மணி. அல்லது "ஃபால்தான் கின்சே பாரா லாஸ் சிங்கோ", அஞ்சுக்குப் பதினஞ்சு பாக்கி. நமக்கு இது இன்னும் சுலபம். "அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று வீட்டில் சொல்கிறோமே, அதே கட்டமைப்பு. வரிசையைக் கவனியுங்கள்: இங்கே நிமிடம் முதலில், மணி கடைசியில். "மேனோஸ்" வகையில் மணி முதலில். இரண்டையும் கலந்து "சிங்கோ பாரா குவார்தோ" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

பார்சிலோனாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காத்தலான் மொழியில் பேசுபவர்கள் வரப்போகும் மணியின் எத்தனை கால் நிரம்பியிருக்கிறது என்று எண்ணும் பழைய முறை உண்டு. இரண்டரை என்பது அவர்களுக்கு மூன்றின் இரண்டு கால். இரண்டேமுக்கால் என்பது மூன்றின் மூன்று கால். அது தனி மொழி, தனி முறை. ஸ்பானிஷ் நன்றாகப் பிடிபடும் வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அறிகுறி: "மேதியோ" என்றேன், திருத்தினார்கள்

மணியில் எப்போதும் "மேதியா"தான், ஏனென்றால் மறைந்து நிற்கும் "ஓரா" (மணி) பெண்பால் சொல். அரை அதற்கேற்ப மாறும். "குவார்தோ" தனிப் பெயர்ச்சொல், அதனால் மாறாது. இதே காரணத்தால்தான் மணிக்கு முன்னால் "லா", "லாஸ்" வருகிறது. ஒன்று மட்டும் ஒருமை: "எஸ் லா ஊனா". மற்றவை பன்மை: "சோன் லாஸ் தோஸ்", "சோன் லாஸ் தியேஸ்". 12:45-ம் "எஸ் லா ஊனா மேனோஸ் குவார்தோ" என்று ஒருமையில்தான் வரும், ஏனென்றால் வாயில் வரும் சொல் ஒன்று.

அறிகுறி: "கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் "சோன் லாஸ் சிங்கோ" என்று சொல்லிவிடுகிறேன்

"இப்போது மணி அஞ்சு" என்பதற்கும் "அஞ்சு மணிக்கு" என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. தமிழில் "க்கு" செய்யும் வேலையை ஸ்பானிஷில் முன்னால் வரும் "அ" செய்கிறது. கேள்வியிலேயே விடை இருக்கிறது. "கே ஓரா எஸ்?" என்று கேட்டால் "சோன் லாஸ் சிங்கோ". "அ கே ஓரா?" என்று அ-வோடு கேட்டால் "அ லாஸ் சிங்கோ". தமிழில் "க்கு" வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் "அ" போடுங்கள். இது தவறியே போகாது.

அறிகுறி: மதியம் மூன்று மணியா, விடிகாலை மூன்று மணியா என்று கேட்கிறார்கள்

மணியைக் குறிப்பிட்டுச் சொன்னால் பின்னால் "தெ லா" வரும்: "லாஸ் தியேஸ் தெ லா மஞானா", காலை பத்து. ("மஞானா"வில் வருவது நம் ஞ-வேதான்.) மணி சொல்லாமல் "திங்கட்கிழமை காலையில்" என்று மட்டும் சொன்னால் "போர் லா" வரும்: "எல் லூனெஸ் போர் லா மஞானா". லத்தீன் அமெரிக்காவில் இதற்கு "என் லா மஞானா" என்றும் கேட்கலாம். மணி இருக்கும் இடத்தில் "போர்" போடுவதுதான் புதிதாகப் பேசுபவர்களிடம் அதிகம் கேட்கும் பிழை.

"மஞானா" என்றால் காலை. "மஞானா" என்றால் நாளை. நாளைக் காலை என்பது "மஞானா போர் லா மஞானா". முதலில் கேட்கும்போது உளறல் போலிருக்கும். "லா" ஒட்டி வந்தால் காலை, தனியாக வந்தால் நாளை என்று பிரித்துக்கொள்ளலாம்.

பொழுதின் எல்லை ஸ்பெயினில் நம்முடையதைப் போல இல்லை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், அதை ஒட்டித்தான் "தார்தே" தொடங்குகிறது. வெயில் காலத்தில் "லாஸ் ஓச்சோ தெ லா தார்தே" என்று எட்டு மணியைக்கூட மாலையில் வைப்பார்கள், ஏனென்றால் வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும். நள்ளிரவு தாண்டி விடியும் வரை "மத்ருகாதா". "லாஸ் த்ரெஸ் தெ லா மத்ருகாதா" என்பது நாம் விடியற்காலை மூன்று மணி என்பதுதான். அதையே "தெ லா மஞானா" என்பாரும் உண்டு.

ரயில் நிலையத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே 24 மணிக் கணக்கு. 16:45 வண்டியை "தியெசிசெய்ஸ் குவாரெந்தா இ சிங்கோ" என்று எண்ணாகவே படிப்பார்கள். 24 மணிக் கணக்கில் எண்ணைச் சொன்ன பிறகு மேனோஸ், மேதியா, தார்தே எதுவும் ஒட்டாது.

அறிகுறி: வருடம் சொல்லும்போது எதிரில் இருப்பவர் விழிக்கிறார்

இங்கே தமிழ் குற்றவாளி இல்லை, ஆங்கிலம். "நைன்டீன் நைன்டி டூ" என்று இரண்டு இரண்டாக வெட்டும் பழக்கத்தில் பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு என்று ஸ்பானிஷில் சொல்லிவிடுகிறோம். ஸ்பானிஷ் வெட்டாது. தமிழில் எப்படி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு என்று முழுசாகச் சொல்கிறோமோ, அப்படியே: "மில் நோபெசியேந்தோஸ் நோபெந்தா இ தோஸ்". "ஒரு ஆயிரத்து" என்று நாம் தொடங்குவதில்லை, அவர்களும் அப்படித்தான், வெறும் "மில்". ஒன்பது "நுவேவே" என்றாலும் தொள்ளாயிரம் "நோபெசியேந்தோஸ்". நம் ஒன்பதும் தொள்ளாயிரத்தில் அடையாளம் தெரியாமல் மாறுகிறதே, அந்த மாதிரி.

பார்சிலோனா ஒலிம்பிக் தொடங்கிய நாளை முழுசாகச் சொல்லிப் பார்ப்போம், 25 ஜூலை 1992: "எல் பெயிந்திசிங்கோ தெ ஹூலியோ தெ மில் நோபெசியேந்தோஸ் நோபெந்தா இ தோஸ்". நாள், மாதம், வருடம், நம் வரிசையேதான். இடையில் இரண்டு "தெ". வேகத்தில் இரண்டாவது "தெ"யை விட்டுவிடுவது வழக்கமான பிழை. 2025 என்றால் "தோஸ் மில் பெயிந்திசிங்கோ".

நாளுக்கு "இரண்டாம்" தேதி என்ற வடிவம் கிடையாது, வெறும் எண்தான். 1808-இல் மாட்ரிட் மக்கள் நெப்போலியன் படையை எதிர்த்து எழுந்த மே 2-ஐ இன்றும் "தோஸ் தெ மாயோ" என்றே சொல்கிறார்கள். முதல் தேதி மட்டும் விலக்கு: அமெரிக்கக் கண்டத்தில் "பிரிமேரோ தெ மாயோ" என்பது வழக்கம், ஸ்பெயினில் "ஊனோ தெ மாயோ" அதிகம். எதைச் சொன்னாலும் புரியும்.

அறிகுறி: செவ்வாயும் புதனும் குழம்புகிறது

"மார்தெஸ்", "மியேர்கோலெஸ்" இரண்டும் ம-வில் தொடங்குவதால் எல்லோருக்கும் வரும் தடுமாற்றம். தமிழருக்கு இதில் ஒரு திறவுகோல் கையிலேயே இருக்கிறது. நம் கிழமைப் பெயர்களும் அவர்களுடையவையும் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே கோள்களின் பெயர்கள். "லூனெஸ்" லூனா என்ற நிலவு, நம் திங்கள். "மார்தெஸ்" மார்தே, செவ்வாய்க் கோள். "மியேர்கோலெஸ்" மெர்குரியோ, புதன். "ஹுவேபெஸ்" ஹூபிதெர், வியாழன். "பியேர்னெஸ்" பேனுஸ், வெள்ளி. சனியும் ஞாயிறும் மட்டும் விலகிவிடும்: "சாபதோ" யூதர்களின் ஓய்வு நாளிலிருந்தும், "தொமிங்கோ" ஆண்டவரின் நாள் என்பதிலிருந்தும் வந்தவை.

போனிலோ சுவரிலோ உள்ள நாட்காட்டியில் L M X J V S D என்று எழுத்துகள் இருக்கும். அதில் X என்பது புதன். இரண்டு M வந்து குழம்பக் கூடாது என்றுதான் அப்படி.

கிழமைக்கு முன்னால் "என்" போடாதீர்கள். "திங்கட்கிழமை வருகிறேன்" என்பதற்கு "எல் லூனெஸ்" போதும். "லோஸ் லூனெஸ்" என்று பன்மையில் சொன்னால் ஒவ்வொரு திங்களும். இந்த ஒரு சொல் மாறியதால் ஒரு தடவை வேண்டிய வகுப்பை வாராவாரம் என்று பதிவு செய்துகொண்டவரை எனக்குத் தெரியும்.

அறிகுறி: "எட்டு நாளில் வாருங்கள்" என்றார்கள், ஒரு நாள் தள்ளிப் போய்விட்டேன்

"ஓச்சோ தீயாஸ்" (எட்டு நாள்) என்று பேச்சில் சொன்னால் பெரும்பாலும் ஒரு வாரம் என்று பொருள். இன்றையும் சேர்த்து எண்ணுவதால் எட்டு. அதேபோல் "கின்சே தீயாஸ்" (பதினஞ்சு நாள்) என்றால் இரண்டு வாரம். இன்று செவ்வாய் என்றால், "தெந்த்ரோ தெ கின்சே தீயாஸ்" என்பது அடுத்ததற்கு அடுத்த செவ்வாய், புதன் இல்லை. மருந்துக் கடையிலும் அலுவலகங்களிலும் இது அடிக்கடி வரும். கேட்டதும் கிழமையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்: "எல் மார்தெஸ், பெர்தாத்?" அவர் தலையாட்டிய பிறகு மணியைக் கேளுங்கள், "அ கே ஓரா?" பதிலில் ம-வும் ன-வும் வருகிறதா என்று காது கொடுங்கள்.